கேட்டது வேறு, சேர்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் பருத்தித்துறை பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது ஒரு பையன் வந்து வணக்கம் சொன்னான். முகம் நினைவில் இருந்தது, பெயர் வரவில்லை. தனியார் கல்வி நிலையமொன்றில் மாலை நேரங்களில் நான் வரலாறு படிப்பித்த காலத்தில், மூன்றாம் வாங்கின் சுவரோரத்தில் இருந்தவன். க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வந்து சில நாட்கள் ஆகியிருந்தன. "என்ன தம்பி, வரலாற்றுக்கு என்ன?" என்று கேட்டேன். "எஸ்" என்றான், வெறும் சாதாரண சித்தி. எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது, ஏனென்றால் அந்த வருடம் கடைசி வகுப்பில் "டொனமூர் அரசியலமைப்பு வரும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்" என்று கரும்பலகையில் கோடிட்டுச் சொன்னவன் நான். டொனமூர் வந்தும் இருந்தது. பரீட்சை முடிந்த மாலையே நாலைந்து பிள்ளைகள் வீடு தேடி வந்து "சேர் சொன்னது வந்துவிட்டது" என்று குதித்துவிட்டுப் போனார்கள். அதைத்தான் அவனிடம் கேட்டேன். "நான் சொன்னது வந்ததே, எழுதவில்லையா?" அவன் பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பிப் பார்த்தான். "வந்ததுதான் சேர். நானும் இரண்டு பக்கம் எழுதினேன். ஆனால் கேட்டது வேறு, சேர்."

அவன் குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னான். ஆனாலும் இத்தனை வருடமாக அந்த நாலு சொல் என்னை விட்டுப் போகவில்லை. நான் சொன்னது பிழைத்திருந்தால் வெட்கப்பட்டு மறந்திருப்பேன். சரியாக வந்தும் பிள்ளைக்கு உதவாமல் போனதுதான் உறுத்தியது.

கடந்தகால வினாத்தாள்களை வைத்து ஊகம் சொல்வது யாழ்ப்பாணத்து ரியூசன் உலகில் ஒரு தனிக் கலை. கடைசிப் பத்து வருட வினாத்தாள்களைப் போட்டோக் கொப்பி எடுத்து, அத்தியாயங்களை இடது பக்கத்திலும் வருடங்களை மேலேயும் எழுதி, எந்த வருடம் எது வந்ததோ அங்கே ஒரு சரி போடுவோம். இரண்டு வருடமாகச் சரி விழாத கட்டம் "இந்த முறை கட்டாயம்". சென்ற வருடம் சரி விழுந்த கட்டம் "இந்த முறை விட்டுவிடலாம்". இதைச் சொல்கிற ஆசிரியருக்குப் பெயர் கிடைக்கும், அடுத்த வருடம் வாங்குகள் நிறையும். நானும் அப்படித்தான் பெயர் வாங்கினேன்.

இதில் திறமை எவ்வளவு என்று பிறகு உட்கார்ந்து யோசித்தேன். பத்தாம், பதினோராம் தரப் பாடநூல்கள் இரண்டிலும் சேர்த்து இருபதுக்கும் குறைவான அத்தியாயங்களே உண்டு. முதலாம் பத்திரத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு நாற்பது பல்தேர்வு வினாக்கள். அவை ஏறக்குறைய எல்லா அத்தியாயத்தையும் தொட்டுவிடும். இரண்டாம் பத்திரத்தில் தெரிவு செய்து எழுதும் வினாக்களும் நூலின் பெரிய பகுதிகளுக்கெல்லாம் பங்கு வைத்தே அமைகின்றன. பிரித்தானியர் காலத்து அரசியல் மாற்றங்கள் என்பது பதினோராம் தரத்தின் முழுமையான ஓர் அத்தியாயம். கோல்புறூக், குறூ மக்கலம், மனிங், டொனமூர், சோல்பரி என்று அதற்குள் ஐந்தாறு சீர்திருத்தங்கள்தான். அவற்றில் ஒன்றைச் சுட்டி "இது வரும்" என்பது மாரியில் மழை வரும் என்பதைப் போன்றது. சென்ற வருடம் வந்ததால் இந்த வருடம் வராது என்பது அதைவிட மோசம். வினாத்தாள் அமைப்பவர் நம்முடைய கட்டங்களைப் பார்த்துக்கொண்டு இருப்பதில்லை.

மருமகளின் கட்டங்கள்

சென்ற வருடம் தங்கையின் மகள் பதினோராம் தரத்துக்கு வந்தாள். ஒரு ஞாயிறு காலை அவள் வீட்டுக்கு வந்து மேசையில் விரித்த தாளைப் பார்த்ததும் எனக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. அதே கட்டங்கள். நாங்கள் சரி போட்ட இடத்தில் அவள் நிறப் புள்ளி வைத்திருந்தாள், அவ்வளவுதான் வித்தியாசம். இலங்கை வரலாறு சிவப்பு, உலக வரலாறு நீலம். கண்டி இராச்சியத்துக்கு நேரே பச்சையில் "இந்த முறை வரும்" என்ற குறிப்பு. "இதை யார் சொன்னது?" என்றேன். "வகுப்பில் சொன்னார்கள் மாமா. இரண்டு வருடமாக வரவில்லையாம்."

அதோடு தவணைப் பரீட்சையின் விடைத்தாளையும் கொண்டுவந்திருந்தாள். இரண்டாம் பத்திரத்தில் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. "எல்லாம் எழுதினேன் மாமா, ஏன் வெட்டியிருக்கிறார்கள் என்று தெரியவில்லை" என்றாள். டொனமூர் வினாவின் விடையைப் படித்தேன். வினாவின் இறுதிப் பகுதி, நிர்வாகக் குழு முறையால் இலங்கையர் பெற்ற பயன்களையும் அந்த முறையின் குறைபாடுகளையும் விளக்கச் சொன்னது. அவள் எழுதியது இப்படி ஓடியது: ஆணைக்குழு 1927 இல் இலங்கைக்கு வந்தது, 1931 இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது, இருபத்தொரு வயதான ஆண்கள் பெண்கள் எல்லோருக்கும் சர்வசன வாக்குரிமை கிடைத்தது, அரசாங்க சபையில் தெரிவு செய்யப்பட்டோர் 50, நியமிக்கப்பட்டோர் 8, அரச உத்தியோகத்தர் 3, மொத்தம் 61. கடைசியில், யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரிக்க அழைத்ததும், வடக்கில் நான்கு ஆசனங்கள் 1934 இடைத்தேர்தல் வரை வெறுமையாக இருந்ததும். எங்கள் ஊர்க் கதை என்பதால் பகிஷ்கரிப்பை எந்தப் பிள்ளையும் விடாது. கேட்டாலும் எழுதும், கேட்காவிட்டாலும் எழுதும்.

ஒரு வரியும் பிழையில்லை. நிர்வாகக் குழுக்களைப் பற்றி இருந்ததோ ஒன்றரை வரி: "ஏழு நிர்வாகக் குழுக்கள் அமைக்கப்பட்டன." திருத்தியவர் அந்த ஒன்றரை வரியின் கீழ் மட்டும் கோடிட்டு, பக்கத்தில் ஒரு சிறிய புள்ளி போட்டிருந்தார். பஸ் நிலையத்துப் பையனின் இரண்டு பக்கமும் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அன்று நான் அவனிடம் கேட்காமல் விட்டது இப்போது மேசையில் கிடந்தது.

அவளுக்குத் தெரியாமல் இல்லை என்பதைச் சோதிக்க வாயாலே கேட்டேன். "ஏழு குழு இருந்ததால் சபையில் சாதாரண உறுப்பினருக்கு என்ன கிடைத்தது?" கொஞ்சம் யோசித்தாள். "எல்லோரும் ஏதாவது ஒரு குழுவில் இருந்தார்கள். அதனால் எல்லோருக்கும் நிர்வாகம் செய்து பழக வாய்ப்பு." சரி. "குழுத் தலைவர்தானே அமைச்சர். அப்படியானால் அமைச்சர்கள் ஒன்றாக முடிவெடுத்தார்களா?" "இல்லை, ஒவ்வொருவரும் தங்கள் குழுவுக்குத்தான் பொறுப்பு. கூட்டுப்பொறுப்பு இல்லை." "நிதி யாரிடம்?" "மூன்று அரச உத்தியோகத்தரில் நிதிச் செயலாளரிடம்." "1936 இல் என்ன நடந்தது?" அமைச்சர் சபை முழுவதும் ஒரே இனத்தவரைக் கொண்டதாக அமைந்ததைச் சொன்னாள். ஐந்து நிமிடத்தில் முழு விடையும் வந்துவிட்டது. மண்டையில் இருந்தது தாளுக்குப் போகவில்லை. டொனமூர் என்ற சொல்லைக் கண்டதும் டொனமூர் பற்றி மனப்பாடம் செய்த பந்தியை முதலிலிருந்து கொட்டிவிட்டாள். அவள் கட்டங்களும் அதைத்தான் பழக்கியிருந்தன: தலைப்பைப் பார், தலைப்பைப் படி, தலைப்பை எழுது.

இரண்டாவது முறை எண்ணியது

அன்று பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அதே வினாத்தாள்களை மறுபடி எடுத்தோம். இந்த முறை அத்தியாயத்தை எண்ணவில்லை. ஒவ்வொரு உபவினாவிலும் அது செய்யச் சொல்வது எது என்பதை மட்டும் பென்சிலால் கோடிட்டோம். பெயரிடுக, குறிப்பிடுக என்பவை ஒரு வகை. சுருக்கமாக எழுதுக என்பது இன்னொன்று. காரணங்களை விளக்குக, விளைவுகளை விளக்குக, எவ்வாறு பங்களித்தது என்று காட்டுக என்பவை பெரிய புள்ளிகளோடு வினாவின் கடைசியில் நிற்பவை. நாலைந்து வினாத்தாள் முடிவதற்குள் அவளே சொன்னாள்: "மாமா, வினாக்கள் எல்லாம் ஒரே மாதிரி ஏறுகின்றன." அதுதான் நான் தேடிய ஒழுங்கு. ஒரு வினா பெயரில் தொடங்கி, சிறு குறிப்புக்குப் போய், காரணத்திலோ விளைவிலோ முடிகிறது. தலைப்பு வருடத்துக்கு வருடம் மாறினாலும் இந்த ஏற்றம் அவ்வளவாக மாறுவதில்லை. புள்ளியும் ஏற்றத்தின் உச்சியில்தான் கனமாக இருக்கிறது. அவளோ, பெரும்பாலான பிள்ளைகளைப் போல, அடிவாரத்திலேயே எல்லா நேரத்தையும் செலவழித்திருந்தாள்.

இதைப் படிப்புக்கு எப்படிக் கொண்டுவருவது என்பதற்குக் கோல்புறூக் சீர்திருத்தத்தை எடுத்துச் செய்து பார்த்தோம். அரைத்தாள் ஒன்றைக் குறுக்கும் நெடுக்கும் மடித்தால் நான்கு மூலை வரும். முதல் மூலையில் ஏன் வந்தார்கள்: அரசாங்கத்தின் வருமானத்தைச் செலவு மிஞ்சியது, கண்டிப் பிரதேசம் தனி நிர்வாகமாகக் கிடந்தது. இரண்டாம் மூலையில் என்ன செய்தார்கள்: 1833 இல் சட்டநிரூபண சபையும் நிர்வாக சபையும், நாடு முழுவதும் ஒரே நிர்வாகத்தில் ஐந்து மாகாணங்கள், இராஜகாரியம் என்ற கட்டாய ஊழிய முறை ஒழிப்பு. மூன்றாம் மூலையில் அதனால் என்ன ஆனது: கூலிக்கு உழைக்கும் தொழிலாளருக்கு வழி திறந்தது, தனியார் பெருந்தோட்டத்துக்குச் சாதகமானது, ஆங்கிலம் கற்ற ஒரு வகுப்பு உருவாகத் தொடங்கியது. நான்காம் மூலையில் எது போதவில்லை: சட்டநிரூபண சபையின் பதினைந்து பேரில் ஒன்பது பேர் உத்தியோகத்தர். மற்ற ஆறு பேரும் ஆளுநர் நியமித்தவர்களே. மூன்று ஐரோப்பியர், சிங்களவர், தமிழர், பறங்கியர் ஒவ்வொருவர். வாக்கு யாரிடமும் இல்லை.

தாளை மேசையில் வைத்துவிட்டு நான் வினாக்களை மாற்றி மாற்றிக் கேட்டேன். இரண்டு சிபாரிசுகளைக் குறிப்பிடுக என்றால் இரண்டாம் மூலை, இரண்டு வரி, அவ்வளவுதான். மூன்றாவது வரிக்குப் புள்ளியில்லை. இராஜகாரிய ஒழிப்பு பொருளாதாரத்தில் ஏற்படுத்திய மாற்றத்தை விளக்குக என்றால், இரண்டாம் மூலையில் ஒரு வரியைத் தொட்டுவிட்டு நேராக மூன்றாம் மூலைக்குப் போக வேண்டும். சட்டநிரூபண சபை மக்களைப் பிரதிநிதித்துவப்படுத்தியதா என்றால் நான்காம் மூலை. முதல் மூலை காரணம் கேட்டால் மட்டுமே வெளியே வரும். அவள் முதலில் மூலை மாறிப் போனாள். இராஜகாரியத்துக்குக் கேட்டபோது கோல்புறூக் எந்த வருடம் வந்தார் என்று தொடங்கினாள். "அது முதல் மூலை" என்று தாளைத் தட்டினேன். மூன்றாம் நாள் தட்ட வேண்டியிருக்கவில்லை.

எல்லா அத்தியாயத்துக்கும் இந்த மடிப்பு பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். கைத்தொழிற் புரட்சி, பிரெஞ்சுப் புரட்சி, உலகப் போர்கள் எல்லாம் காரணம், நிகழ்வு, விளைவு என்று தாமாகவே மடியும். ஆனால் பத்தாம் தரத்தின் பண்டைய தொழில்நுட்பத்தை அப்படி மடிக்க முயன்றபோது பாதித் தாள் வெறுமையாகக் கிடந்தது. அங்கே கேட்கப்படுவது ஒரு பொருள் எப்படி வேலை செய்தது என்பது. பிசோகொட்டுவவுக்கு ஒரு சிறிய படம், குளத்திலிருந்து நீர் வெளியேறும் வேகத்தையும் அளவையும் அது எப்படிக் கட்டுப்படுத்தியது என்று நாலு வரி, அதுதான் தேவை. அந்த அத்தியாயத்துக்கு அவள் படங்களாகவே ஒரு கொப்பி வைத்தாள்.

தேசப்படம்

ஊகமே தேவைப்படாத ஓர் இடம் உண்டென்றால் அது இரண்டாம் பத்திரத்தின் முதலாம் வினா. கட்டாய வினா, அதில் தேசப்படம் வரும். இதைத்தான் பிள்ளைகள் கடைசி இரவுக்கு ஒதுக்கி வைக்கிறார்கள். கடந்தகால வினாத்தாள்களின் இடப்பெயர்களை எல்லாம் ஒரு பட்டியலாக்கினால், அவற்றில் பல திரும்பத் திரும்ப வருவது கண்ணுக்குத் தெரியும்: துறைமுகங்கள், பழைய தலைநகரங்கள், பெரிய குளங்கள், ஒல்லாந்தரின் கோட்டைகள். வெற்றுத் தேசப்படத்தின் மேல் எண்ணெய்த் தாளை வைத்துக் கரையோரத்தைக் கொப்பி பண்ணி, பாடநூலை மூடிவிட்டு இடங்களைக் குறித்து, பிறகு மேலே வைத்து ஒப்பிட்டாள். முதல் நாள் மாந்தையைப் புத்தளத்துக்குக் கிட்ட வைத்தாள். கலாவாவி எங்கேயோ மலைநாட்டில் கிடந்தது. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் என்று இரண்டு வாரம் செய்தாள். கடைசியில் சரியாகக் குறித்தது ஜம்புகோளப்பட்டினம். சங்கமித்தை வெள்ளரசுக் கிளையோடு வந்திறங்கிய துறை. "இது எங்கள் மாதகல் பக்கம் மாமா?" என்று கேட்டபோதுதான் அவளுக்கு அந்தப் புள்ளி ஓர் ஊராக மாறியது. வீட்டிலிருந்து சைக்கிளில் போகக்கூடிய இடத்தை இவ்வளவு நாளும் மன்னாருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தாள்.

பழைய தாள்கள் எங்கே ஏமாற்றும்

ஒரு இளைப்பாறிய ஆசிரியர் வீட்டிலிருந்து அவளுக்கு ஒரு கட்டுப் பழைய வினாத்தாள்கள் கிடைத்திருந்தன. அதில் பாதியைத் தனியாக எடுத்து வைத்தேன். 2016 இலிருந்து புதிய பாடத்திட்டத்தில் பரீட்சை நடக்கிறது. அதற்கு முந்தியவற்றின் அத்தியாய ஒழுங்கும் அழுத்தமும் வேறு. அவற்றையும் கலந்து எண்ணினால் இப்போதைய பாடநூலில் இல்லாத ஒன்றுக்கு நேரே நிறையப் புள்ளி விழும். பல்தேர்வுப் பயிற்சிக்குப் பழைய தாள் பயன்படும், அதுவும் பாடநூலோடு ஒப்பிட்ட பிறகு. இன்னொரு சிக்கல் சொல். பழைய நூல்களும் ரியூசன் குறிப்புகளும் ஒரே சபைக்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கின்றன. சட்டநிரூபண சபை, சட்டசபை, சட்டவாக்கக் கழகம். தமிழ் மொழிமூலப் பிள்ளை இவை மூன்றும் மூன்று சபை என்று நினைத்துவிடும். ஒரு பக்கத்தில் இந்தப் பெயர்களை இணைத்து எழுதி வைக்கச் சொன்னேன். எழுதும்போது பாடநூல் சொல்லையே எழுது என்றேன்.

புள்ளியிடும் திட்டம் கிடைத்தால் வினாத்தாளைவிட அதைத்தான் முதலில் வாசிக்க வேண்டும் என்பது என் கட்சி. மாதிரி விடை என்று சந்தையில் விற்கும் நூல்கள் ஒரு பக்கம் எழுதிக் காட்டும். பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளியிடும் திட்டம் எத்தனை கருத்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று காட்டும். அதைப் பார்த்த பிறகுதான் அவள் நீட்டி எழுதுவதை நிறுத்தினாள்.

நேரத்தை எங்கே வைப்பது

பரீட்சைக்கு ஆறு வாரம் இருக்கும்போது ஒரு முழு இரண்டாம் பத்திரத்தை மணிக்கூடு வைத்து எழுதச் செய்தேன். திருத்தி முடித்தபோது 31 புள்ளி போயிருந்தது. அவள் உடனே பாடநூலை எடுத்து முதல் அத்தியாயத்தைத் திறந்தாள். பொறு என்று சொல்லிவிட்டு, போன ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் ஏன் போனது என்று எழுதச் சொன்னேன். தெரியாமல் போனவை 9. கேட்டதை விட்டு வேறு எழுதியதால் போனவை 14. கடைசி வினாவை முடிக்க நேரமில்லாமல் போனவை 8. அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பாடநூலை மறுபடி முழுதாகப் படித்தால் திரும்பி வரக்கூடியது அந்த 9 மட்டும்தான். மீதி 22 எழுதிப் பழகினால் வரும், வாசித்தால் வராது. ஆறு வாரமும் வாசிக்கத் திட்டம் போட்டிருந்தவள் அவள்.

அதனால் திட்டத்தைத் தலைகீழாக்கினோம். திங்களும் புதனும் தெரியாமல் போன அத்தியாயங்கள், அதுவும் அந்தப் பகுதி மட்டும். செவ்வாய், வியாழன், வெள்ளியில் தினம் ஒரு பெரிய உபவினா. வினாவில் செய்யச் சொன்ன சொல்லுக்குக் கோடு, எந்த மூலை என்று ஓரத்தில் எழுத்து, பிறகு பன்னிரண்டு நிமிடத்தில் விடை. சனிக்கிழமை காலை ஒரு முழுப் பத்திரம். நேரம் முடிந்தால் பேனையை வைக்க வேண்டும், வினா பாதியில் நின்றாலும் சரி. முதல் சனி அழுகையில் முடிந்தது. மூன்றாம் சனி எல்லா வினாவும் முடிந்தன. கடைசி வினாவின் கையெழுத்துத்தான் கோழி கிளறியது போல இருந்தது. ஞாயிறு ஓய்வு என்று எழுதியிருந்தோம். தங்கை அதை நம்பவில்லை. "படிக்காமல் இருக்கும் பிள்ளைக்கு என்ன பரீட்சை அண்ணா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மிக அண்மைய இரண்டு வினாத்தாள்களை நாங்கள் எந்த எண்ணிக்கைக்கும் எடுக்கவில்லை. அவற்றைத் தொடக்கத்திலேயே உறையிலிட்டு ஒட்டி என் அலுமாரிக்குள் வைத்திருந்தேன். ஏற்கெனவே பார்த்த வினாவுக்கு எழுதும் விடை பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்பதைச் சொல்லாது; நினைவு எவ்வளவு என்பதைத்தான் சொல்லும். அவளும் அலுமாரித் திறப்பை ஒரு நாள் கேட்டுப் பார்த்தாள். கொடுக்கவில்லை.

நாளை சனிக்கிழமை. காலை எட்டரைக்கு முதல் உறையைத் திறக்கிறோம். இன்று மாலை வந்து நான்கு மூலைத் தாள்களை இறப்பர் வளையம் போட்டு ஒரு கட்டாக என்னிடம் கொடுத்துவிட்டாள், வீட்டில் இருந்தால் இரவில் பார்த்துக்கொண்டே இருப்பாளாம். போகும்போது பழைய நிறப் புள்ளித் தாளைக் குப்பைக்குள் போடட்டுமா என்று கேட்டாள். அதன் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதில் ஒரு தேசப்படம் வரைந்து பார் என்றேன். வாசலில் நின்றபடியே சுவரில் தாளை வைத்துக் கரையோரத்தை இழுத்தாள். யாழ்ப்பாணக் குடாநாடு வழமைபோல் கொஞ்சம் பெரிதாக வந்தது.